பட்டுச் சேலையில் ஜரிகை எத்தனை கிராம்?

கல்யாணத்துக்குச் சேலை எடுக்கப் போனவர்கள் எல்லாருக்கும் இந்தக் குழப்பம் தெரியும். ஒரே கடை, ஒரே அலமாரி. இரண்டு காஞ்சிபுரம் சேலைகளும் அரக்கு நிறம், இரண்டிலும் ஒரே அகலக் கரை. ஒன்று 1,000 ரிங்கிட், மற்றொன்று 1,850. ஏன் என்று கேட்டால், "இது ஒரிஜினல் ஜரிகைங்க" என்று ஒரே வரியில் பதில் வரும். வானொலி நிலையத்துக்கு வரும் நேயர்கள்கூட இதை என்னிடம் கேட்டிருக்கிறார்கள். தங்கம் வாங்கும்போது எத்தனை கிராம், எத்தனை காரட், செய்கூலி எவ்வளவு என்று துருவித் துருவிக் கேட்கும் நாம், பட்டுக் கடையில் மட்டும் ஏனோ சேலையை விரித்துப் பார்த்துவிட்டுப் பேரம் பேசத் தொடங்கிவிடுகிறோம்.

பட்டுச் சேலைக்கும் நகையைப் போலவே கணக்குப் போடலாம். ஒரு சேலையை எடுத்துப் பிரித்துப் பார்ப்போம். எடை 600 கிராம். அதில் பட்டு 480 கிராம், ஜரிகை 120 கிராம். விலைகளை 2024ஆம் ஆண்டின் கடைசியில் தமிழ்நாட்டில் இருந்த நிலவரத்தை ஒட்டி, வட்டமான எண்களாக வைத்துக்கொள்கிறேன். கூலியும் லாபமும் ஊருக்கு ஊர், கடைக்குக் கடை மாறும் என்பதால் அவற்றை ஒரு மாதிரிக் கணக்காக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பட்டு. 480 கிராம் பட்டு வேண்டுமென்றால் 480 கிராம் கச்சாப் பட்டு போதாது. பட்டுப்புழு தன் கூட்டைக் கட்டும்போது இழையோடு பசையும் சேர்ந்தே வருகிறது. சாயம் ஏற்றுவதற்கு முன் அந்தப் பசையைக் கொதிநீரில் போக்க வேண்டும், அதில் எடையில் கால் பங்கு வரை போய்விடும். ஆக 600 கிராமுக்குக் குறையாமல் வாங்க வேண்டும். கிலோ 5,000 ரூபாய் என்றால் 3,000 ரூபாய். முறுக்கு ஏற்ற, சாயம் போட, பாவு ஓட இன்னொரு 1,000. பட்டின் கணக்கு 4,000 ரூபாயோடு முடிந்தது. பெயர் என்னவோ பட்டுச் சேலைதான், ஆனால் பெரிய செலவு பட்டு அல்ல.

பெரிய செலவு ஜரிகை. அசல் ஜரிகை என்பது பட்டு நூலின் மேல் மெல்லிய வெள்ளித் தகட்டைச் சுற்றி, அதற்கு மேல் தங்க முலாம் பூசியது. காஞ்சிபுரத்தில் உள்ள தமிழ்நாடு அரசின் ஜரிகை ஆலை கடைப்பிடிக்கும் அளவு இது: வெள்ளி 40 விழுக்காடு, செம்பு 35.5, பட்டு 24, தங்கம் அரை விழுக்காடு. நம் சேலையின் 120 கிராம் ஜரிகைக்கு இதைப் பொருத்தினால் வெள்ளி 48 கிராம், தங்கம் 0.6 கிராம். வெள்ளி கிராம் 100 ரூபாய் என்றால் 4,800 ரூபாய். தங்கம் கிராம் 8,000 என்றால் அதுவும் 4,800! கண்ணுக்குத் தெரியாத அந்த முலாம், 48 கிராம் வெள்ளிக்கு ஈடாக நிற்கிறது. செம்பு, உள்நூல், செய்கூலிக்கு 900 சேர்த்தால் ஜரிகைக்கு மட்டும் 10,500 ரூபாய்.

அடுத்தது நெசவுக் கூலி. காஞ்சிபுரத்தின் கோர்வை நெசவில் உடலுக்கு ஒன்று, இரு கரைகளுக்கும் ஒவ்வொன்று என மூன்று நாடாக்கள் ஓடும். தறியில் இருப்பவர் ஒருவரால் அது முடியாது. பக்கத்தில் இன்னொருவர் உட்கார வேண்டும், பெரும்பாலும் வீட்டு ஆளே. 12 நாளில் ஒரு சேலை, கூலி 7,000 ரூபாய் என்று வைத்தால், ஆளுக்கு நாளொன்றுக்கு 300 ரூபாய்கூட வரவில்லை. நம் பணத்தில் ஏறக்குறைய 15 ரிங்கிட்.

இதுவரை 21,500 ரூபாய். நூலும் ஜரிகையும் கொடுத்து நெய்யச் சொல்லும் முதலாளி 2,500 வைக்கிறார். 24,000க்குக் கடைக்கு வருகிறது. கடைக்காரர் 40 விழுக்காடு சேர்த்தால் 33,600. இந்திய ஜிஎஸ்டி 5 விழுக்காடு போட்டால் 35,280. ஒரு ரிங்கிட்டுக்கு 19 ரூபாய் என்றால் 1,857 ரிங்கிட். கடைக்காரரைக் குறை சொல்லிப் பயனில்லை. வாடகை உண்டு, ஆள் சம்பளம் உண்டு, ஒரு சேலை மாதக்கணக்கில் மடிப்பிலேயே கிடக்கவும் கூடும். ஆனால் 42,000 என்று சீட்டு ஒட்டி "20 விழுக்காடு கழிவு" என்று எழுதினாலும் இதே 33,600தான் வரும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது அந்த 1,000 ரிங்கிட் சேலை. அதே பட்டு, அதே தறி, அதே 12 நாள். ஜரிகை மட்டும் 'ஹாஃப் ஃபைன்' எனப்படும் செம்பு ஜரிகை. 120 கிராமுக்கு 600 ரூபாய் என்று போடுங்கள். அடக்கம் 11,600. முதலாளிக்கு 1,400, கடைக்கு அதே 40 விழுக்காடு, பிறகு வரி. 19,110 ரூபாயில் நிற்கிறது. நெய்தவருக்கு இரண்டிலும் அதே 7,000. கடைக்கோ முதல் சேலையில் 9,600, இரண்டாவதில் 5,200. லாபத்தை விழுக்காட்டில் வைக்கும்போது, அது வெள்ளியின் மேலும் தங்கத்தின் மேலும் சேர்ந்தே ஏறுகிறது. வெள்ளியும் தங்கமும் இரு மடங்கானால் இதே அசல் சேலை 50,000 ரூபாயைத் தொட்டுவிடும். கூலி தானாக ஏறாது. ஐந்தில் ஒரு பங்காக இருந்தது ஏழில் ஒரு பங்காகச் சுருங்கும்.

செம்பு ஜரிகைச் சேலை வாங்குவதில் தவறே இல்லை, அதன் விலைக்கு வாங்கும் வரை. அதை அசல் என்று சொல்லி 30,000க்கு விற்கும்போதுதான் பிரச்சினை. பட்டு முத்திரை இருக்கிறதே என்று பலர் நம்பிவிடுகிறார்கள். அந்த முத்திரை பட்டு அசல் என்று மட்டுமே சொல்கிறது, ஜரிகையைப் பற்றி அது பேசவே இல்லை. ஜரிகையைச் சுரண்டிப் பார்த்து உள்ளே சிவப்பு நூல் தெரிந்தால் அசல் என்பார்கள். மலிவு ஜரிகையிலும் சிவப்பு நூல் வைக்க யாருக்கும் தடையில்லை. உரசிப் பார்த்துச் செம்பு தெரிந்தால் போலி என்பதும் சரியில்லை, அரசு ஆலையின் ஜரிகையிலேயே மூன்றில் ஒரு பங்குக்கு மேல் செம்பு இருக்கிறதே! எடை கூடுதலாக இருப்பதும் சான்றாகாது, செம்பு ஜரிகையும் கனக்கும்.

உறுதியாகச் சொல்வது ஊடுகதிர் கொண்டு உலோகத்தை அளக்கும் கருவிதான். நகைக் கடைகளில் தங்கத்தின் தரம் பார்ப்பதும் அந்த வகைக் கருவியில்தான். அதுவரை போக முடியாதவர்கள் கடையில் இரண்டு கேள்வி கேட்கலாம்: ஜரிகை எத்தனை கிராம், அதில் வெள்ளி எத்தனை விழுக்காடு? "அதெல்லாம் எங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று சொல்வார்கள். தறிக்குப் போகும் ஜரிகை நிறுத்துத்தான் கொடுக்கப்படுகிறது, நெய்து முடித்து மீந்ததும் நிறுத்துத்தான் திரும்புகிறது. ஆகவே அந்தக் கணக்கு எங்கோ ஒரு நோட்டில் கட்டாயம் இருக்கும். கேட்டு வாங்கித் தரச் சொல்லுங்கள். இரண்டு எண்களும் ரசீதில் ஏறினால், கைப்பேசியில் அன்றைய வெள்ளி விலையைப் பார்த்து நீங்களே பெருக்கிக்கொள்ளலாம். ரசீதில் எழுத மறுத்தால், அந்தச் சேலைக்கு செம்பு ஜரிகை விலைக்கு மேல் ஒரு ரிங்கிட்கூடக் கொடுக்க வேண்டாம் என்பது என் கட்சி.