2.7 வோல்ட் ஒன்றா, பூஜ்யமா?

பழைய கட்டுப்பாட்டுப் பலகை ஒன்றைப் பழுது பார்க்கிறோம். அதில் முதுகில் 74LS04 என்று அச்சிட்ட ஐ.சி. ஒன்று கெட்டுவிட்டதால் கடையில் கிடைத்த 74HC04-ஐப் பொருத்துகிறோம். கால்களின் வரிசை ஒன்றுதான், செய்யும் வேலையும் ஒன்றுதான்: ஒன்று வந்தால் பூஜ்யமாக்கும், பூஜ்யம் வந்தால் ஒன்றாக்கும். பலகையும் ஓடிவிடுகிறது. ஆனால் சில வாரம் கழித்து அது எப்போதாவது ஒருமுறை தடுமாறுகிறது. பக்கத்தில் ரிலே அடிக்கும்போது அந்தத் தடுமாற்றம் கூடுதலாக இருக்கும்.

கோளாறு எந்த ஐ.சி.யிலும் இல்லை. இரண்டும் ‘ஒன்று’ என்று எதைச் சொல்கின்றன என்பதில் இருக்கிறது.

டிடிஎல் என்பது இருமுனை டிரான்சிஸ்டர்களால் ஆன குடும்பம். 74 வரிசை 1960-களில் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் நிறுவனத்தால் பிரபலமானது. அதில் மின்சாரத்தைக் குறைவாகக் குடிக்கும் பிற்கால வகைதான் எல்.எஸ். அதன் வெளியீட்டில் ஒரு விசேஷம் உண்டு. பூஜ்யம் சொல்ல வேண்டுமென்றால் கீழே உள்ள டிரான்சிஸ்டர் கம்பியைத் தரையோடு பலமாக இழுத்துப் பிடிக்கும், வோல்டேஜ் 0.4-க்குள் அடங்கிவிடும். ஒன்று சொல்ல வேண்டுமென்றால் மேலே உள்ள டிரான்சிஸ்டர்கள் கம்பியைத் தூக்க வேண்டும். அந்த வழியில் இரண்டு சந்திப்புகளில் தலா 0.7 வோல்ட் போலக் கழிந்துவிடும். ஆகவே சப்ளை 5 வோல்ட் இருந்தாலும் வெளியே வருவது சுமார் 3.4 வோல்ட்தான். இது வழக்கமாகக் கிடைப்பது. டேட்டாஷீட் உறுதி தருவது 2.7 வோல்ட்டுக்கு மட்டுமே.

டிடிஎல்லுக்குள் இதனால் ஒரு குறையும் இல்லை. அதன் உள்ளீடு 2 வோல்ட்டுக்கு மேல் எதையும் ஒன்று என்றும், 0.8-க்குக் கீழே எதையும் பூஜ்யம் என்றும் ஏற்றுக்கொள்ளும். 2.7 தருகிறவனுக்கும் 2 கேட்கிறவனுக்கும் இடையே 0.7 வோல்ட் மிச்சம். கம்பியில் ஏறும் இரைச்சல் அந்த மிச்சத்தைத் தின்னாதவரை செய்தி பிழைபடாது. இந்த மிச்சத்தைத்தான் நாய்ஸ் மார்ஜின் என்கிறார்கள். பூஜ்யத்தின் பக்கம் அது 0.8 கழித்தல் 0.4, அதாவது 0.4 வோல்ட்.

எச்.சி. வகை சீமாஸ் இப்படி நிலையான எண்களைக் கேட்பதில்லை. தனக்குக் கொடுத்த சப்ளையில் பங்கு கேட்கிறது: ஏறக்குறைய 70 சதவீதத்துக்கு மேல் ஒன்று, 30 சதவீதத்துக்குக் கீழ் பூஜ்யம். 5 வோல்ட்டில் அது 3.5-ம் 1.5-ம் ஆகும். இப்போது கணக்குப் போடுங்கள். பூஜ்யத்தின் பக்கம் 1.5 கழித்தல் 0.4, தாராளமாக 1.1 வோல்ட். ஒன்றின் பக்கம் 2.7 கழித்தல் 3.5. மிச்சமில்லை, 0.8 வோல்ட் கடன்.

அப்படியென்றால் பலகை எப்படி ஓடியது? எச்.சி. ஐ.சி. உண்மையில் மனம் மாறும் இடம் சப்ளையில் பாதியளவில், 2.5 வோல்ட்டை ஒட்டி இருக்கும். வருவதோ 3.4. டேட்டாஷீட் உறுதி கொடுக்காத ஓர் இடைவெளியை நம்பித்தான் அது ஓடிக்கொண்டிருந்தது. ஐ.சி.க்கு ஐ.சி. அந்த இடைவெளி வேறுபடும். குளிரில் டிரான்சிஸ்டர் சந்திப்பின் வோல்டேஜ் கொஞ்சம் கூடுவதால் எல்.எஸ். வெளியீடு இன்னும் இறங்கும். யாராவது அதே வெளியீட்டிலிருந்து ஒரு எல்இடியைத் தரைக்குத் தொங்கவிட்டிருந்தால் போதும், ஒன்று என்பது 2 வோல்ட் பக்கம் சரிந்துவிடும். பழைய பலகைகளில் இதை நிறையவே பார்க்கலாம்.

கண்டுபிடிப்பது எளிது. வெளியீடு ஒன்றில் நிற்கும்போது எச்.சி. உள்ளீட்டுக் காலில் மல்டிமீட்டரை வைத்துப் பாருங்கள். 3.5-க்குக் கீழே காட்டினால், வேலை செய்தாலும் அது சரியான இணைப்பல்ல. சிக்னல் வேகமாக மாறிக்கொண்டிருந்தால் மல்டிமீட்டர் சராசரியைத்தான் காட்டும்; அதற்கு ஆசிலாஸ்கோப் வேண்டும். உள்ளீடு நடுவாந்தரத்தில் தொங்கினால் சீமாஸின் மேல், கீழ் டிரான்சிஸ்டர்கள் இரண்டும் பாதி திறந்து, வீணாக மின்சாரம் ஓடி ஐ.சி. சூடாவதும் ஓர் அறிகுறி.

மருந்து இரண்டு. ஒன்று, 74HC04-க்குப் பதில் 74HCT04. கடைசியில் ஒட்டியிருக்கும் அந்த ஓர் எழுத்து, இந்த ஐ.சி. டிடிஎல்லின் எல்லைகளையே ஏற்கும் என்பதற்கான அடையாளம்: 2 வோல்ட், 0.8 வோல்ட். மற்றது, எல்.எஸ். வெளியீட்டிலிருந்து 5 வோல்ட்டுக்கு ஒரு புல்-அப் ரெசிஸ்டர். எச்.சி. உள்ளீடு மின்சாரத்தை ஏறக்குறைய இழுப்பதே இல்லை என்பதால், டிடிஎல் நிறுத்திய இடத்திலிருந்து ரெசிஸ்டர் கம்பியை 5 வரை கொண்டுபோய்விடும்.

பெரும்பாலோர் யோசிக்காமல் எச்.சி.டி.யைத்தான் சொல்வார்கள். எனக்கு அதில் முழுச் சம்மதம் இல்லை. அது ஒன்றின் பக்கம் 0.7 வோல்ட் சம்பாதிக்கும்போது, பூஜ்யத்தின் பக்கம் இருந்த 1.1-ஐ 0.4 ஆகக் குறைத்துவிடுகிறது. புல்-அப் போட்டால் ஒன்றின் பக்கம் 1.5, பூஜ்யத்தின் பக்கம் 1.1. ரிலேயும் மோட்டாரும் உள்ள இடத்தில், நிதானமான சிக்னலுக்கு ரெசிஸ்டரே மேல். அதன் விலை வேகத்தில் தெரியும்: 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர் 50 பிகோஃபாரட் சுமையை 2.7-லிருந்து 3.5-க்குத் தூக்க 100 நானோ வினாடி ஆகும். வேகமான கடிகாரச் சிக்னலுக்கு அது ஆகாது. ரெசிஸ்டரை ரொம்பவும் குறைக்கவும் முடியாது. பூஜ்யத்தில் அதன் மின்சாரம் முழுவதையும் எல்.எஸ். விழுங்க வேண்டும். 0.4 வோல்ட் உறுதி 4 மில்லி ஆம்பியர் வரைதான் என்பதால், 1.2 கிலோ ஓமுக்குக் கீழே இறங்கக் கூடாது.

சீமாஸின் சப்ளை மாறினால் கதையே மாறும். அதே எச்.சி. 3.3 வோல்ட்டில் ஓடினால், அது கேட்பது 2.3 மட்டுமே. எல்.எஸ். தரும் 2.7 தாராளம். இங்கே பழக்கதோஷத்தில் 5 வோல்ட்டுக்குப் புல்-அப் போட்டுவிடுவதுதான் ஆபத்து. உள்ளீடு சப்ளையை அரை வோல்ட் தாண்டினாலே ஐ.சி.க்குள் இருக்கும் பாதுகாப்பு டையோடு திறக்கத் தொடங்கும். 4.7 கிலோ ஓம் வழியாக வரும் சொற்ப மின்சாரம் ஐ.சி.யைக் கொல்லாது, ஆனால் 3.3 சப்ளையை நிறுத்திய பிறகும் அந்தப் பின்வாசல் வழியே ஐ.சி. அரைகுறையாக விழித்திருக்கும். 5 வோல்ட் உள்ளீட்டைத் தாங்கும் 74LVC வகையை அங்கே வைப்பது நிம்மதி. அதன் எல்லைகளும் 2, 0.8 தான்.

மேலே போனால் நிலைமை தலைகீழ். 10 வோல்ட்டில் ஓடும் 4000 வரிசை சீமாஸ் ஒன்றுக்கு 7 வோல்ட் கேட்கிறது. சாதாரண எல்.எஸ். வெளியீட்டை ரெசிஸ்டர் போட்டு 10-க்கு இழுத்தால் அதன் தாங்கும் எல்லை மீறிவிடும். இங்கே 7407 வேண்டும். அதில் மேல் டிரான்சிஸ்டரே கிடையாது. கீழ் டிரான்சிஸ்டர் மட்டும் திறந்த கலெக்டரோடு நிற்கும், 30 வோல்ட் வரை தாங்கும். அதன் வெளியீட்டை 4.7 கிலோ ஓம் வழியாக 10 வோல்ட்டோடு கட்டினால் ஒன்றின் பக்கம் 3 வோல்ட் மிச்சம். பூஜ்யத்துக்கு எல்லை 3 வோல்ட்; 7407 தரும் 0.4 போக 2.6 மிச்சம்.