இன்சுலின் போட்டாச்சு, சாப்பிட்டாங்களா?

மாலை 7 மணிக்கு ஏதாவது ஒரு மெடிக்கல் வார்டில் உட்கார்ந்திருந்தால் இதைப் பார்த்திருப்பீர்கள். டியூட்டி முடிந்த சிஸ்டர் கைப்பையை மேஜைமேல் எடுத்து வைத்திருப்பார். நைட் டியூட்டி சிஸ்டர் அப்போதுதான் வந்திருப்பார். இருவரும் நின்றபடி ரிப்போர்ட் நோட்டைப் புரட்டிக்கொண்டு கட்டில் நம்பர்களாகப் பேசுவார்கள். எங்கள் பாஷையில் இதற்கு ‘ஓவர் கொடுப்பது’ என்று பெயர். வாங்கிக்கொள்கிறவர் ‘ஓவர் எடுக்கிறார்’.

நான் அப்படி ஓவர் எடுத்த ஓர் இரவில், ஏழாம் கட்டிலைப் பற்றி எனக்குச் சொல்லப்பட்டது இவ்வளவுதான்: “பெட் ஏழு நிமோனியா, சுகர் பேஷண்ட், ஆன்டிபயாடிக் போகுது, இன்சுலின் போட்டாச்சு, வாட்ச் பண்ணிக்கோங்க சிஸ்டர்.” இதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை.

9 மணி வாக்கில் அந்தப் பக்கம் போனேன். அம்மாவுக்கு 62 வயது. நெற்றியெல்லாம் வியர்வை. சாயங்காலம் காய்ச்சல் மாத்திரை கொடுத்திருந்தார்கள். காய்ச்சல் விடுகிறது என்று நினைத்துப் போர்வையை விலக்கிவிட்டு நகர்ந்தேன். பத்து நிமிஷத்தில் மகள் ஓடி வந்தார். “சிஸ்டர், அம்மா என்னமோ உளர்றாங்க.” விரலில் குத்திப் பார்த்தால் சர்க்கரை 48. எழுபதுக்குக் கீழே போனாலே தாழ்சர்க்கரை. விழுங்கும் நிலையில் அவர் இல்லை. டாக்டருக்குச் சொல்லி, 25 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் 100 மில்லியை நரம்பில் ஏற்றினோம். கால் மணி நேரத்தில் மகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்.

அப்புறம்தான் மகள் சொன்னார்: “ராத்திரிக்கு ரெண்டு இட்லி. இருமி இருமி அதையும் வாந்தி எடுத்துட்டாங்க. ஆறரை மணிக்கே.”

“யார்கிட்டயும் சொல்லலையாம்மா?”

“யாரும் கேக்கலையே சிஸ்டர்.”

சாப்பாட்டுக்கு முன்னால் போடும் ரெகுலர் இன்சுலின் அரை மணியில் வேலையைத் தொடங்கி, இரண்டிலிருந்து நாலு மணி நேரத்துக்குள் உச்சத்துக்கு வரும். அவருக்குப் போட்டது மாலை 5.45க்கு, 10 யூனிட். வாந்தி 6.30க்கு. அந்த நேரத்தில் மாலை சிஸ்டர் மேஜையில் உட்கார்ந்து சார்ட் எழுதிக்கொண்டிருந்தார். 7 மணிக்கு நாங்கள் பேசியபோது இன்சுலின் ஏறிக்கொண்டிருந்தது, வயிறு காலி. அது தெரிந்த ஒரே ஆள் கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். நாங்கள் இருபதடி தள்ளி மேஜையில் நின்றோம்.

அந்த இரவுக்குப் பிறகுதான் எங்கள் வார்டில் ஓவரைக் கட்டிலருகே கொண்டுபோய், கையில் ஒரு செக்லிஸ்டும் வைத்துக்கொள்வது என்று முடிவானது. வடிவத்துக்குத் தேட வேண்டியிருக்கவில்லை. ‘எஸ்பார்’ என்று ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. அமெரிக்கக் கடற்படையின் அணுசக்தி நீர்மூழ்கிகளில் பழக்கத்தில் இருந்த பேச்சுமுறை அது. கைசர் பெர்மனென்டே என்ற மருத்துவக் குழுமம் அதை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தது. 2007இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட நோயாளி பாதுகாப்பு வழிமுறைகளிலும் ஓவர் கொடுப்பதற்கு இதைப் பரிந்துரைத்தார்கள். எஸ் என்றால் சிச்சுவேஷன், இப்போது என்ன நிலவரம். பி என்றால் பேக்ரவுண்ட், பின்னணி. ஏ என்றால் அசெஸ்மென்ட், இதிலிருந்து நான் என்ன நினைக்கிறேன். ஆர் என்றால் ரெகமெண்டேஷன், அடுத்து என்ன செய்யணும்.

கேட்க எளிது. ஆனால் எங்கள் முதல் தாள் தோற்றுப்போனது. முழு ஏ-4 பக்கம், முப்பதுக்கு மேல் கட்டங்கள், எல்லாவற்றிலும் டிக் அடிக்க வேண்டும். ‘ட்ரிப் போகிறது’ டிக், ‘சாப்பிட்டார்’ டிக், ‘யூரின் பேக் பார்த்தாச்சு’ டிக். இரண்டு வாரம் கழித்துத் தாள்களை அடுக்கிப் பார்த்தபோது விஷயம் புரிந்தது. ஒரே பேனா, ஒரே சாய்வில் வரிசையாக டிக்குகள், எல்லாத் தாளிலும் நேரம் சரியாக 7.00. கட்டிலருகே போகாமல் ஆறரைக்கே மேஜையில் உட்கார்ந்து நிரப்பியிருந்தார்கள். குறை சொல்ல மாட்டேன். டிக் கேட்டால் டிக்தான் கிடைக்கும்.

இரண்டாவது தாளில் டிக்கை எடுத்துவிட்டோம். கட்டிலருகே நின்றால் மட்டுமே எழுத முடிகிற விஷயமாகக் கேட்டோம். பாட்டிலில் மீதி எத்தனை மில்லி? ஊசி குத்திய இடம் வீங்கியிருக்கிறதா, என்றைக்குப் போட்ட வென்ஃப்ளான்? ஆக்சிஜன் மீட்டரில் குண்டு எந்த எண்ணில் நிற்கிறது? கடைசியாக என்ன சாப்பிட்டார், எப்போது, யார் சொன்னது? இந்த ‘யார் சொன்னது’ நான் சண்டை போட்டுச் சேர்த்தது. நோயாளியிடமோ கூட இருப்பவரிடமோ கேட்காமல் அதை நிரப்ப முடியாது. ட்ரிப் பாட்டிலிலிருந்து கை வரைக்கும் குழாயை விரலால் தொட்டுக்கொண்டே வர வேண்டும் என்பதையும் வழக்கமாக்கினோம். மடங்கிக் கிடக்கும் குழாயும் மூடிக் கிடக்கும் கிளாம்பும் கண்ணுக்குத் தப்பும், விரலுக்குத் தப்பாது.

எஸ்பார் வடிவத்துக்கே ஒரு பொருத்தமின்மை உண்டு. டாக்டருக்குப் போன் போட்டு ஒரு அவசரத்தைச் சொல்வது போன்ற பேச்சுக்கு அது அளவெடுத்துத் தைத்த சட்டை. ஓவரில் நாம் கொடுப்பது ஒரு முழு மனுஷரை. அதனால் பி என்ற கட்டம் ஊதிக்கொண்டே போகும். 2011இல் நடந்த குடலிறக்க ஆபரேஷன் வரை எழுதுவார்கள். நாங்கள் அந்தக் கட்டத்துக்கு இரண்டே வரி ஒதுக்கினோம். கேஸ் ஷீட்டில் இருப்பதைத் திருப்பி எழுத வேண்டாம். இந்த ராத்திரிக்கு எது முக்கியமோ அது போதும். அலர்ஜி மட்டும் விதிவிலக்கு, அது தினமும் வர வேண்டும்.

கஷ்டமான கட்டம் ஏ. “டயக்னோசிஸ் சொல்றது டாக்டர் வேலை, நாம எப்படி எழுதறது அக்கா?” என்று இளைய நர்ஸ்கள் அதைக் காலியாக விட்டார்கள். கேள்வியை மாற்றினோம்: மேல், அப்படியே, மோசம். இந்த மூன்றில் ஒன்றைச் சுழித்துவிட்டு, ஏன் என்று ஒரு வரி. வார்டில் ஆறு மணி நேரம் இருந்தவருக்கு அது தெரியும். கூடவே நியூஸ்-2 மதிப்பெண்ணையும் வைத்தோம். பிரிட்டனின் ராயல் காலேஜ் ஆஃப் பிசிஷியன்ஸ் 2017இல் திருத்தி வெளியிட்ட அளவுகோல் அது. மூச்சு, ஆக்சிஜன் அளவு, பிபி, நாடி, நினைவு, சூடு ஆகியவற்றுக்கும், ஆக்சிஜன் வைத்திருக்கிறாரா என்பதற்கும் எண் கொடுத்துக் கூட்டுவது. 5 வந்தால் டாக்டர் சீக்கிரம் வந்து பார்க்க வேண்டும், 7 வந்தால் உடனே.

ஏழாம் கட்டில் அம்மாவையே இந்தத் தாளில் எழுதிப் பார்ப்போம். எஸ்: மூச்சு 24, இரண்டு லிட்டர் ஆக்சிஜனில் சாச்சுரேஷன் 94, நாடி 98, 6.30க்கு வாந்தி, இட்லி தங்கவில்லை, மகள் சொன்னது. பி: நிமோனியா, மூன்றாம் நாள், சர்க்கரை 12 வருஷம். ஏ: மோசம். காலையில் மூச்சு 20, சாச்சுரேஷன் 96, நாடி 90 இருந்தபோது மதிப்பெண் 2; இப்போது 6. அதோடு 5.45க்குப் போட்ட இன்சுலினுக்குச் சோறு இல்லை, சர்க்கரை இறங்கும். தனித்தனியாகப் பார்த்தால் அந்த மூச்சும் சாச்சுரேஷனும் யாரையும் பதற வைக்காது. காலையோடு சேர்த்து வைத்தால்தான் பேசும். ஆர்: 7.15க்கு சர்க்கரை பார்க்கணும், பிறகு இன்சுலின் அடங்கும்வரை மணிக்கொரு தடவை. 70க்குக் கீழே வந்தால், விழுங்க முடிந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைக் கரைத்துக் கொடுத்துக் கால் மணியில் மறுபடி பார்க்கணும், முடியாவிட்டால் டெக்ஸ்ட்ரோஸுக்கு டாக்டரைக் கூப்பிடணும். மூச்சுக்காக டியூட்டி டாக்டருக்கு இப்பவே போன், போடுவது மாலை சிஸ்டர்.

ஆர் கட்டத்தில் ஒரே விதி: எது, எத்தனை மணிக்கு, யார், எந்த எண் வந்தால் டாக்டரைக் கூப்பிட வேண்டும். ‘வாட்ச் பண்ணிக்கோங்க’ என்ற சொல்லுக்குத் தாளில் தடை. எல்லா வார்டிலும் அதிகம் புழங்குகிற, எதுவுமே சொல்லாத சொல் அது. கடைசியில் ஓவர் எடுப்பவர் ஆர் வரிகளைத் தன் வாயால் திருப்பிச் சொல்ல வேண்டும். எஸ்பாரில் இந்தப் படி கிடையாது, நாங்களாகச் சேர்த்தோம். தவறாகக் காதில் விழுந்தது அங்கேதான் பிடிபடுகிறது, 7.15 என்றது 9.15 ஆவதை நானே பிடித்திருக்கிறேன்.

இனி நேரக் கணக்கு. நாற்பது கட்டில், ஒன்றுக்கு மூன்று நிமிஷம் என்றால் இரண்டு மணி நேரம். நடக்காது. அதனால் முழுத் தாள் சிலருக்கு மட்டும்: ஒரு நாளுக்குள் வந்தவர்கள், மதிப்பெண் ஏறியவர்கள், இன்சுலின், ஹெப்பரின், பொட்டாசியம் போகிறவர்கள். மற்றவர்களுக்குக் கட்டிலருகே நின்று முகத்தைப் பார்த்து ஒரு வரி. எப்படிப் பார்த்தாலும் மேஜை ஓவரைவிடக் கொஞ்சம் அதிக நேரம்தான் ஆகிறது. ஆகாது என்று சொல்லி நர்ஸ்களை இழுத்தால் ஒரே வாரத்தில் மேஜைக்குத் திரும்பிவிடுவார்கள்.

கட்டிலருகே பேசக் கூடாதவையும் உண்டு. பக்கத்துக் கட்டிலுக்கு மூன்றடிதான் இடைவெளி. எச்.ஐ.வி., மனநல மாத்திரை போன்றவற்றை அங்கே உரக்கச் சொல்ல முடியாது. நம் ஊரில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது: “அப்பாவுக்குக் கேன்சர்னு தெரியாது சிஸ்டர், சொல்லிடாதீங்க.” அது சரியா என்பது வேறு விவாதம்; 7 மணிக்கு, கட்டில் ஓரத்தில், தவறுதலாக அவருக்குத் தெரியவரக் கூடாது. தாளின் மூலையில் ஒரு சின்ன வட்டம் வைத்தோம். அதில் சுழி இருந்தால் வாசலில் நின்று பேசிவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும்.

தாள் வேலை செய்கிறதா என்று கண்டுபிடிக்க, நிரம்பிய தாள்களை எண்ணிப் பிரயோஜனமில்லை. எங்கள் வார்டு இன்சார்ஜ் சிஸ்டர் வாரம் ஒரு நாள் ஓவர் முடிந்த அரை மணியில் ஏதாவது ஒரு தாளை உருவிக்கொண்டு அந்தக் கட்டிலுக்குப் போவார். பாட்டில் மீதி, ஆக்சிஜன் அளவு, கடைசியாகச் சாப்பிட்டது. மூன்றும் ஒத்துப்போனால் சரி. ஒத்துப்போகாவிட்டால் நர்ஸைத் திட்டுவதற்கு முன் அந்தக் கட்டம் ஏன் நிரப்பக் கஷ்டமாக இருக்கிறது என்று கேட்பார். எங்கள் தாள் இப்படியே நான்கு முறை மாறியது, ஒவ்வொரு முறையும் சுருங்கித்தான்.

வார்டில் உங்கள் வீட்டார் யாரேனும் படுத்திருந்தால், ஓவர் நேரத்தில் காபி வாங்கக் கீழே இறங்கிவிடாதீர்கள். கட்டிலருகே இருங்கள். என்ன சாப்பிட்டார், எவ்வளவு தங்கியது, எப்போது யூரின் போனார் என்பதைச் சிஸ்டர் கேட்காவிட்டாலும் நீங்களாகவே சொல்லுங்கள்.