டைட்டிலுக்கு முன்னால் ஒரு நிமிடம்

'பிரேக்கிங் பேட்' தொடரின் முதல் எபிசோடு 2008இல் ஒளிபரப்பானது. பாலைவனத்தின் நடுவே ஒரு வேன் தறிகெட்டு ஓடுகிறது. ஓட்டுபவர் இடுப்பில் உள்ளாடையும் முகத்தில் வாயுக் கவசமும் மட்டும் அணிந்திருக்கிறார். வண்டி நின்றதும் கேமராவைப் பார்த்துக் குடும்பத்தினருக்கு நாலு வார்த்தை பேசுகிறார். பிறகு சைரன் ஒலி வரும் திசையை நோக்கித் துப்பாக்கியை நீட்டுகிறார். அதன் பிறகுதான் டைட்டில் வருகிறது. கதை மூன்று வாரம் பின்னே போகிறது.

டைட்டிலுக்கு முன்பே, எந்த அறிமுகமும் இல்லாமல் கதைக்குள் இறக்கிவிடும் இந்த முறைக்குக் 'கோல்டு ஓப்பன்' என்று பெயர். குறும்படம் எழுதுகிற பலர் இதைப் பார்த்துவிட்டு, உச்சக்கட்டத்தை வெட்டி முன்னால் ஒட்டி, 'மூன்று நாட்களுக்கு முன்' என்று எழுத்தைப் போடுகிறார்கள். ஒரு மணி நேரத் தொடருக்கு இது சரிப்படும். பன்னிரண்டு நிமிடப் படத்திலோ, பின்னே போய் மறுபடி அதே இடத்துக்கு வந்து சேர்வதற்குள் நேரம் கரைந்துவிடும். முடிவும் பாதி தெரிந்துவிடும். குறும்படத்தில் நடுவில் தொடங்கினால், அங்கிருந்து முன்னே போவதே நல்லது.

2013இல் ஆஸ்கர் வென்ற 'கர்ஃப்யூ' குறும்படம் அப்படித்தான் போகிறது. ஷான் கிறிஸ்டென்சன் எழுதி, இயக்கி, நடித்த படம். நீளம் சுமார் இருபது நிமிடம். உயிரை விடத் துணிந்த ஒருவன் குளியல் தொட்டியில் கிடக்கும்போது போன் அடிக்கிறது. பேசுவது அவன் தங்கை. தன் மகளைச் சில மணி நேரம் பார்த்துக்கொள்ள முடியுமா என்று கேட்கிறாள். அவன் எழுந்து கிளம்புகிறான். ஏன் இந்த நிலைக்கு வந்தான், தங்கையோடு என்ன பிணக்கு என்பதெல்லாம் அந்தக் குழந்தையோடு கழியும் மாலையில்தான் கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிய வருகிறது.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது. என்ன நடக்கிறது என்பது பார்வையாளருக்கு உடனே புரிந்துவிடுகிறது. ஏன் நடக்கிறது என்பது மட்டும் மறைந்திருக்கிறது. இரண்டையும் சேர்த்து மறைத்தால் மிஞ்சுவது ஆவலல்ல, குழப்பம். இருட்டில் யாரோ ஓட, யாரோ துரத்த, கேமரா ஆடினால் பரபரப்பு இருக்கும். ஆனால் ஓடுபவனுக்கு என்ன வேண்டும் என்று தெரியாதவரை அவனுக்காகப் பதற யாருக்கும் தோன்றாது.

ஒரு கற்பனைக் கதையை எடுத்துக்கொள்வோம். வீட்டுக்குத் தெரியாமல் வாங்கிய கடனுக்குத் தவணை கட்ட, ஒரு பெண் அம்மாவின் சங்கிலியை அடகு வைக்கிறாள். முதல் வரைவு வழக்கம்போல விடிகிறது: அலாரம், காபி, அம்மாவுடன் பேச்சு, கடன்காரரின் போன், பீரோ திறப்பு. திரைக்கதையில் ஒரு பக்கம் ஏறக்குறைய ஒரு நிமிடம். இங்கே மூன்று பக்கம் போயும் கதை தொடங்கவில்லை. இதையே அடகுக் கடையில் தொடங்கிப் பார்ப்போம்.

உரைகல்லில் சங்கிலியைத் தேய்க்கும் விரல்கள். கடைக்காரர் அவளுடைய ஆதார் அட்டையை வாங்கிப் படிக்கிறார். "ரேவதி." டாலரைத் திருப்பிப் பார்க்கிறார். "இதுல மீனாட்சின்னு வெட்டியிருக்கேம்மா?" மேசையில் இருக்கும் அவள் போன் அடிக்கிறது. திரையில் 'அம்மா'. அவள் அழைப்பைத் துண்டிக்கிறாள். "பாட்டி பேருங்க." போன் மறுபடி அடிக்கிறது. டைட்டில்.

ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. நகை அவளுடையதல்ல, அவள் பொய் சொல்கிறாள், நேரம் நெருக்குகிறது என்று எல்லாம் விளங்கிவிட்டது. கடனைப் பற்றி ஒரு சொல் இல்லை. "போன மாசம் வாங்கின கடனுக்கு இன்னிக்குத் தவணை" என்று அவள் வாயால் சொல்ல வைத்திருந்தால் காட்சி அங்கேயே உயிரை விட்டிருக்கும். டைட்டிலுக்குப் பிறகு அவள் பணத்தோடு வீட்டுக்கு வருகிறாள், அம்மா கல்யாணத்துக்குக் கிளம்பிக்கொண்டிருக்கிறார். காரணம் அந்த மோதலில் வெளிவரட்டும்.

தொடக்கம் எங்கே என்று கண்டுபிடிக்க, முழு வரைவையும் எழுதி முடித்தபின் தேடுவது எளிது. கதாபாத்திரம் இனிப் பின்வாங்குவது கடினம் என்றாகும் முதல் செயலைக் குறித்துக்கொண்டு, அதற்கு முன் உள்ளதை வெட்டலாம். பிறகு கதை தெரியாத ஒருவரிடம் முதல் பக்கத்தை மட்டும் கொடுக்க வேண்டும். "ஏன் அம்மா போனை எடுக்கலை?" என்று கேட்டால் காட்சி வேலை செய்கிறது. "இவங்க யாரு, என்ன பண்றாங்க?" என்று கேட்டால் எங்கோ அதிகமாக மறைத்திருக்கிறோம். பதற வைத்துவிட்டு, அது கனவு என்றோ சினிமா படப்பிடிப்பு என்றோ முடிப்பது வேறு வகைக் கோளாறு. ஒருமுறை ஏமாந்தவர் அடுத்த காட்சியையும் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்.

எல்லாக் கதைக்கும் இது பொருந்தாது. நினைவு மங்கிவரும் ஒரு தாத்தாவின் கதை என்றால், அவர் நன்றாக இருந்த நாளை முதலில் பார்த்திருந்தால்தான் இழப்பின் அளவு தெரியும். அங்கே நிதானமாகத் தொடங்குவதே சரி.