வாடகைக் கடையும் கடன்தான்

சர்வதேசக் கணக்கியல் தர வாரியத்தின் தலைவராக இருந்த டேவிட் ட்வீடிக்கு ஓர் ஆசை. விமான நிறுவனத்தின் இருப்புநிலைக் குறிப்பில் இடம்பெற்ற விமானத்தில், சாவதற்குள் ஒருமுறையாவது பறந்துவிட வேண்டும் என்பார். விமானங்களில் பல குத்தகைக்கு எடுத்தவை. கணக்கில் வாடகைச் செலவு மட்டும்தான் வரும். இன்னும் எத்தனை வருஷம் கட்டியாக வேண்டும் என்பது பின்குறிப்புகளில் கிடக்கும்.

இந்தியாவில் இது மாறியது 2019 ஏப்ரல் 1 முதல், இண்ட் ஏஎஸ் 116 என்ற தரநிலை வந்த பிறகு.

ஒரு நிறுவனம் 5 வருஷத்துக்குக் கடை எடுக்கிறது என்று வையுங்கள். வாடகை வருஷத்துக்கு 12 லட்சம். கணக்கு எளிதாக இருக்க, வருஷக் கடைசியில் கொடுப்பதாகக் கொள்வோம். மொத்தம் 60 லட்சம். ஆனால் நாளை கொடுக்கும் பணத்துக்கு இன்றைய மதிப்பு குறைவு. இதே அளவு சொத்தை வாங்க வங்கி 10 சதவீத வட்டிக்குக் கடன் தரும் என்றால், அந்த வட்டியைக் கழித்தால் இன்றைய மதிப்பு சுமார் 45.49 லட்சம். அதுதான் குத்தகைக் கடன். கடையை 5 வருஷம் அனுபவிக்கும் உரிமையும் அதே தொகைக்குச் சொத்தாக ஏறும். அதற்குப் பயன்பாட்டு உரிமைச் சொத்து என்று பெயர். கட்டடம் என்னவோ உரிமையாளருடையதுதான்.

இனி லாப நஷ்டக் கணக்கில் வாடகை என்ற வரியே இராது. சொத்துக்கு வருஷம் 9.10 லட்சம் தேய்மானம். கடனுக்கு முதல் வருஷ வட்டி 4.55 லட்சம். ஆக, கையிலிருந்து போனது 12 லட்சம், கணக்கில் செலவு 13.65 லட்சம்! கடன் குறையக் குறைய வட்டியும் இறங்கி, ஐந்தாம் வருஷச் செலவு 10.19 லட்சமாகிவிடும். ஐந்து வருஷத்தையும் கூட்டினால் அதே 60 லட்சம்தான். புதுக்கடைகளை வரிசையாகத் திறக்கும் நிறுவனத்தின் லாபம் ஆரம்பத்தில் மெலிந்து தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம்.

தகராறு வருவது காலத்தில். 12 மாதத்துக்கு மேற்படாத குத்தகைக்கு விலக்கு உண்டு; பழையபடி வாடகையாகவே எழுதலாம். நம்மூரிலோ பத்திரப் பதிவைத் தவிர்க்க 11 மாத ஒப்பந்தம் போடுவது பழக்கம். அப்படியானால் தப்பித்துவிடலாமா? எப்போதும் முடியாது. புதுப்பிக்கும் உரிமை வாடகைதாரரிடம் இருந்து, உள் அலங்காரத்துக்கு 30 லட்சமும் கொட்டியிருந்தால், 11 மாதத்தில் காலி செய்வார் என்று தணிக்கையாளர் நம்பமாட்டார். தங்கப்போவது நியாயமாக உறுதி என்ற வருஷங்களையும் சேர்க்கச் சொல்வார்.

விற்பனையில் இத்தனை சதவீதம் என்று மால்கள் வாங்கும் வாடகை இந்தக் கடனில் சேராது. அது அந்தந்த ஆண்டின் செலவு. இண்ட் ஏஎஸ் வரம்புக்குள் வராத சிறு தனியார் நிறுவனங்களுக்கோ இந்தக் கணக்கே இல்லை. ஏஎஸ் 19 என்ற பழைய தரநிலைப்படி, அவை கடை வாடகையை இன்றும் செலவாகவே எழுதுகின்றன.