கற்றரக்ட் ஒப்பரேஷனுக்குப் பிறகு கண் மங்கினால் கிளினிக் நாள் வரை காத்திருக்க வேண்டாம்

கற்றரக்ட் சத்திர சிகிச்சை இன்று பத்து, இருபது நிமிட வேலை. பெரும்பாலானோர் மறுநாளே மணிக்கூட்டைப் பார்த்து நேரம் சொல்கிறார்கள். அதனால்தானோ என்னவோ, கண்ணுக்குள் கிருமி புகுந்துவிடும் அந்த அரிதான நிலையை நம்மவர்கள் மிகவும் தாமதமாகவே அடையாளம் காண்கிறார்கள். ஆயிரம் பேரில் ஒருவருக்கு வரலாம் எனும் அளவுதான். ஆனால் வந்துவிட்டால் கணக்கு நாட்களில் அல்ல, மணித்தியாலங்களில். இதை வைத்தியர்கள் எண்டொப்தல்மைடிஸ் என்கிறார்கள்.

கண் வார்டில் பல வருடங்களாகத் தாதியாகப் பணிபுரிபவள் என்ற வகையில், நான் பார்த்த ஒரு தாயின் விடயத்தைச் சொல்கிறேன். வயது அறுபத்தெட்டு. செவ்வாய்க்கிழமை ஒப்பரேஷன். புதன் கட்டை அவிழ்த்தபோது பார்வை நன்றாக இருந்தது. வெள்ளியன்று பேரப்பிள்ளையின் முகத்தைத் தெளிவாகப் பார்த்தார். சனி காலையில் கண்ணுக்கு முன்னால் புகை மாதிரி ஒரு மங்கல். "தூசி விழுந்திருக்கும் உம்மா, புதன்கிழமை கிளினிக் தானே, காட்டுவம்" என்றார் மகள். இரவில் வலி வந்தது. இரண்டு பெனடோல் கொடுத்தார்கள், வலி அடங்கவில்லை. ஞாயிறு முற்பகல் எங்களிடம் வந்தபோது, கண்ணுக்கு நேரே அசையும் கை மட்டுமே அவருக்குத் தெரிந்தது. கருவிழிக்குப் பின்னால், கீழ்ப்பக்கத்தில் வெள்ளையாக ஒரு படிவு தேங்கி நின்றது. அது சீழ்.

பொதுவாக இந்தக் கிருமி வெளியிலிருந்து வருவதல்ல. நம் இமையிலும் தோலிலும் சாதாரணமாக வாழும் ஸ்டெபிலோகொக்கஸ் வகைகளே, ஒப்பரேஷனின்போது அல்லது அந்தச் சிறிய காயம் ஆறுவதற்குள், உள்ளே போய்விடுகின்றன. கண்ணின் பின்பகுதி ஏறத்தாழ நான்கு மில்லிலீற்றர் கொண்ட, ஜெலி போன்ற ஒரு திரவம். அதற்குள் இரத்தக் குழாய் இல்லை. கிருமிக்கு அது வளர நல்ல இடம், உடலின் எதிர்ப்புச் சக்திக்கோ எளிதில் எட்டாத இடம்.

"மாத்திரை தர ஏலாதா? சேலைன் வழியாக மருந்து ஏற்ற ஏலாதா?" என்று அந்த மகளும் கேட்டார். எல்லோரும் கேட்கும் கேள்விதான். இரத்தத்துக்கும் விழித்திரைக்கும் இடையில் இயற்கையான ஒரு தடுப்பு இருக்கிறது. வாயால் விழுங்கும் மருந்தும் நரம்பில் ஏற்றும் மருந்தும் அதைத் தாண்டிப் போதிய அளவில் உள்ளே போவதில்லை. மேலே விடும் சொட்டு மருந்தும் பின்பகுதி வரை போய்ச் சேராது. ஆகவே மருந்தை அந்த இடத்திலேயே கொண்டுபோய் வைக்க வேண்டும்.

முதலில் கண்ணை மரத்துப்போகச் செய்வார்கள். அயடின் கரைசலால் துப்புரவு செய்து, கருவிழியின் ஓரத்திலிருந்து மூன்றரை மில்லிமீற்றர் பின்னால், விழித்திரையில் படாத இடமாகப் பார்த்து மெல்லிய ஊசியைச் செலுத்துவார்கள். எந்தக் கிருமி என்று அறிய உள்ளிருந்து ஓரிரு துளி எடுக்கப்படும். பிறகு வன்கோமைசின் ஒரு மில்லிகிராம், செப்டசிடிம் இரண்டேகால் மில்லிகிராம். இரண்டும் தனித்தனியே, தலா பத்தில் ஒரு மில்லிலீற்றர் மட்டும். ஆய்வுகூட முடிவு வரும்வரை மருந்தைத் தாமதிப்பதில்லை. இரண்டு நாள் பார்த்து, தேவையானால் மீண்டும் போடுவார்கள். வெளிச்சம் மட்டுமே தெரியும் அளவுக்கு நிலை மோசமாகி வந்தால், அந்த ஜெலியையே அகற்றும் பெரிய ஒப்பரேஷன் தேவைப்படலாம். சில கிருமிகள் ஒரே நாளில் விழித்திரையை அழித்துவிடும், அப்போது ஊசியும் காப்பாற்றாது.

அந்தத் தாய்க்கு ஊசியைக் கேட்டதும் பயம்தான். போட்டு முடிந்த பின் "இவ்வளவு தானா?" என்றார். திங்கள் மாலைக்குள் வலி குறைந்தது. பார்வை மெதுவாகத் திரும்பியது, முழுமையாக அல்ல. இரண்டு மாதத்தில் கண்ணாடியுடன் குர்ஆனை பெரிய எழுத்தில் ஓத முடிந்தது.

ஒப்பரேஷன் செய்த கண்ணில் முதல் சில நாட்கள் உறுத்தல், கொஞ்சம் நீர் வடிதல், லேசான சிவப்பு இருப்பது சாதாரணம். அவை நாளுக்கு நாள் குறைய வேண்டும். எதிர்த்திசையில் போனால்தான் ஆபத்து: நன்றாகத் தெரிந்த கண் மீண்டும் மங்குவது, வலியும் சிவப்பும் கூடுவது, வெளிச்சம் பார்க்கக் கூசுவது, இமை வீங்குவது. பெரும்பாலும் இது முதல் வாரத்தில்தான் ஆரம்பிக்கும், ஆறு வாரம் வரைக்கும் வரலாம். முக்கியமாக, சிலருக்கு வலியே இருப்பதில்லை. "நோகவில்லையே" என்று இருந்துவிடாதீர்கள். பார்வை குறைந்தால் அதுவே போதும்.

இந்த நாட்களில் சுர்மாவும் தேனும் பன்னீரும் கண்ணுக்குப் பக்கத்திலும் வரக்கூடாது. வுழூ செய்யும்போது கண்ணுக்குள் தண்ணீர் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அது பற்றிய மார்க்கச் சலுகையை உங்கள் மௌலவியிடம் கேட்கலாம். மருந்துப் போத்தலின் முனை இமையில் படவும் கூடாது.

வரும்போது அந்தப் போத்தல்களையும் எடுத்து வாருங்கள். 2023இல் நுவரெலியா வைத்தியசாலையில் கற்றரக்ட் சிகிச்சை பெற்ற சிலரின் பார்வை பாதிக்கப்பட்டபோது சந்தேகம் விழுந்தது ஒரு சொட்டு மருந்தின் மீதுதான். ஞாயிறோ, போயாவோ, நடு இரவோ, ஓபிடி வரிசையில் நிற்க வேண்டாம். அவசர சிகிச்சைப் பிரிவில், "கண் ஒப்பரேஷன் செய்து ஐந்து நாள், இன்று பார்வை குறைந்துவிட்டது" என்று நாளையும் சேர்த்துச் சொல்லுங்கள். அந்த ஒரு வசனம் கேட்டால் கண் வைத்தியரை உடனே கூப்பிடுவார்கள்.