போனுக்கு உங்கள் முகம் தெரியவில்லையா?

டெம்பர்டு கிளாஸ் மாற்றிய மறுநாளே சிலருக்கு ஒரு சிக்கல் வரும். பகலில் முகத்தைக் காட்டினால் போன் திறந்துவிடும், இரவில் அடம்பிடிக்கும். உடனே பலரும் பதிந்த முகத்தை அழித்துவிட்டுப் புதிதாகப் பதிகிறார்கள். ஆனால் அதைக் கடைசியில்தான் செய்ய வேண்டும். மங்கிய கண்ணாடி வழியே பதிந்தால் மங்கிய முகம்தான் பதிவாகும். பிறகு கண்ணாடியைத் துடைத்தாலும் பொருத்தம் சரியாக அமையாது.

பெரும்பாலான ஆண்ட்ராய்டு போன்களில் முகத்தைப் பார்ப்பது செல்ஃபி கேமராதான். அதனால் சோதனையும் சுலபம். செல்ஃபி கேமராவைத் திறந்து, எரிகிற பல்பு உங்கள் தோளுக்குப் பின்னால் தெரியும்படி ஒரு படம் எடுங்கள். பல்பைச் சுற்றிப் பனிமூட்டம்போல் ஒளி பரவியிருந்தால் கேமராவுக்கு முன்னால் அழுக்கு இருக்கிறது. மூக்குக்கண்ணாடி துடைக்கும் துணியால் துடைத்துவிட்டு மறுபடி எடுங்கள். மூட்டம் விலகினால் அது விரல் எண்ணெய். விலகாவிட்டால் டெம்பர்டு கிளாஸுக்கு அடியில் தூசியோ பசையோ சிக்கியிருக்கலாம், அல்லது அதன் கறுப்பு ஓரம் கேமராவின் மேல் ஏறியிருக்கலாம். கிளாஸை உரித்துவிட்டுப் பாருங்கள். போன் திறந்தால் குற்றவாளி அதுதான்.

படம் தெளிவாக இருந்தும் திறக்கவில்லையா? வெளிச்சத்தைக் கவனியுங்கள். ஜன்னலுக்கு முதுகு காட்டி நின்றால் கேமராவுக்கு முகம் நிழலாகத்தான் தெரியும். திரும்பி நின்றாலே போதும். இருட்டில் திரையின் பிரகாசத்தைக் கூட்டினால், அந்த ஒளியே முகத்தில் விழும்.

Face ID உள்ள ஐபோன்களின் கதை வேறு. 2017-இல் ஐபோன் எக்ஸில் வந்த இந்த முறை, கண்ணுக்குத் தெரியாத 30,000-க்கும் மேற்பட்ட அகச்சிவப்புப் புள்ளிகளை முகத்தில் வீசி மேடுபள்ளத்தை அறிகிறது. அதனால் இருட்டு அதற்குத் தடையில்லை. ஆனால் செல்ஃபி தெளிவாக இருப்பதை மட்டும் நம்ப முடியாது. அகச்சிவப்புக் கருவிகள் கேமராவுக்குப் பக்கத்தில் தனியாக இருப்பதால், திரையின் மேற்பகுதி முழுவதையும் துடைக்க வேண்டும்.

இவ்வளவும் பார்த்த பிறகு முகத்தை மறுபடி பதியலாம். ஐபோனில் Settings > Face ID & Passcode > Reset Face ID; ஆண்ட்ராய்டில் பாதுகாப்பு செட்டிங்ஸில் இருக்கும் முகப்பதிவை அழித்துவிட்டுத் தொடங்குங்கள். ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்து, போனை ஒன்றரை அடி தூரத்தில் கண்மட்டத்தில் பிடியுங்கள். மூக்குக்கண்ணாடியை எந்நேரமும் போடுகிறவர் அதோடே பதியலாம். சில சமயம் மட்டும் போடுகிறவர் ஐபோனில் Set Up an Alternate Appearance வழியாக இரண்டாவது தோற்றத்தையும் சேர்க்கலாம்.

போனை அணைத்துப் போட்டதும் முதல் தடவை பின் நம்பர் கேட்பது பழுதல்ல, பாதுகாப்பு ஏற்பாடு. ஆனால் மறுபடி பதியவே விடாமல் ஐபோன் Face ID Is Not Available என்று சொல்லிக்கொண்டே இருந்தால், அது துடைத்துத் தீரும் விஷயமில்லை. சர்வீஸ் சென்டருக்குத்தான் போக வேண்டும்.