கணிப்பும் கணக்கும்
(தொடர் – 17)

ஏஞ்சல் வரியை 2024 பட்ஜெட்டில் நீக்கிவிட்டார்கள் என்பது உண்மைதான். ஆனால் அந்த நீக்கம் 2025-26 மதிப்பீட்டு ஆண்டிலிருந்துதான் செல்லும். அதற்கு முன்பு முதலீடு வாங்கிய சிறு நிறுவனங்களுக்கு, வருமான வரிச் சட்டத்தின் 56(2)(viib) பிரிவின் கீழ் வரும் நோட்டீஸ் பழைய சட்டத்தையே பேசும். அதற்கு எப்படிப் பதில் எழுதுவது என்பதை இந்த வாரம் பார்ப்போம்.

ஒரு கணக்கு வைத்துக்கொள்வோம். பாகூர் கொம்யூனில், சுற்றுவட்டார நெல்லை வாங்கி அவலும் புட்டுமாவும் செய்கிற ஒரு பிரைவேட் லிமிடெட் நிறுவனம். 2024 ஜனவரியில் வில்லியனூர் பக்கத்து முதலீட்டாளர்கள் இருவருக்கு, 10 ரூபாய் முக மதிப்புள்ள 10,000 பங்குகளைத் தலா 500 ரூபாய்க்குக் கொடுத்தது. வந்த பணம் 50 லட்சம். நிறுவனத்தின் சொத்திலிருந்து கடனைக் கழித்தால் ஒரு பங்குக்கு 60 ரூபாய்தான் நிற்கிறது. ‘மிச்சம் 440 ரூபாய்க்கு என்ன ஆதாரம்?’ என்று அதிகாரி கேட்கிறார். அவர் சொல்வது நின்றுவிட்டால் 44 லட்சம் வருமானமாகும். வரி மட்டுமே 11 லட்சத்தைத் தாண்டும். இயந்திரம் வாங்க வந்த பணத்திலிருந்து அதைக் கட்ட வேண்டும். மத்திய அரசின் ஸ்டார்ட்அப் அங்கீகாரம் பெற்று, படிவம் 2-ம் தாக்கல் செய்திருந்தால் இந்த நிறுவனம் விலக்குக்குள் வந்திருக்கும். சான்றிதழை வாங்கி மாட்டிவிட்டு அந்தப் படிவத்தை மறந்தவர்கள் உண்டு.

முதல் பதில், முறையைப் பற்றியது. விதி 11UA நிறுவனத்துக்கே தேர்வு தருகிறது: சொத்து மதிப்பின்படியும் போகலாம், வருங்காலப் பணவரவை இன்றைய மதிப்புக்குக் குறைத்துக் கணக்கிடும் முறையையும் எடுக்கலாம். மூன்று வருடம் கழித்து வரப்போகிற 10 லட்சத்தை ஆண்டுக்கு 25 சதவீதக் கழிவு விகிதத்தில் குறைத்தால், இன்று அதன் மதிப்பு சுமார் 5.12 லட்சம். இப்படி ஒவ்வொரு வருடத்தையும் கூட்டி வருவதுதான் இரண்டாவது முறை. அதற்கு மெர்ச்சண்ட் பேங்கர் அறிக்கை வேண்டும். அறிக்கையை அதிகாரி துருவிப் பார்க்கலாம், அதே முறையில் மறுமதிப்பீடும் செய்யலாம். முறையையே தூக்கிவிட்டு வேறொன்றை வைக்க முடியாது என்று வோடஃபோன் எம்-பெசா வழக்கில் 2018-ல் பம்பாய் உயர் நீதிமன்றம் சொன்னது.

இரண்டாவது கேள்விதான் கடினம். நம் நிறுவனம் இரண்டாம் ஆண்டில் 1.20 கோடி விற்பனையைக் கணித்திருந்தது. நடந்தது 48 லட்சம். கணிப்பே கற்பனை என்கிறது நோட்டீஸ். இங்கே சினெஸ்தான் வழக்கு கைகொடுக்கும். கணிப்பைப் பின்னால் வந்த நிஜத்தோடு ஒப்பிட்டுத் தள்ளக் கூடாது, மதிப்பிட்ட அன்று தெரிந்ததை வைத்தே பார்க்க வேண்டும் என்று டெல்லி தீர்ப்பாயம் 2019-ல் சொன்னதை, டெல்லி உயர் நீதிமன்றம் 2021-ல் உறுதிசெய்தது. ஆனால் இந்தத் தீர்ப்பை மேற்கோள் காட்டிவிட்டு நிறுத்திக்கொள்கிற பதில்கள் எனக்குக் கவலை தருகின்றன. அக்ரோ போர்ட்ஃபோலியோ வழக்கில் 2018-ல் அதே டெல்லி தீர்ப்பாயம் நிறுவனத்துக்கு எதிராக முடிவெடுத்தது. நிர்வாகம் கொடுத்த எண்களை மதிப்பீட்டாளர் சரிபார்க்காமல் அப்படியே வைத்துக் கணக்குப் போட்டிருந்தார்.

ஆகவே 1.20 கோடி எங்கிருந்து வந்தது என்பதைக் காட்ட வேண்டும். வாங்கவிருந்த இயந்திரத்தின் விலைப்புள்ளியில் மணிக்கு 100 கிலோ என்று இருக்கிறது. நாளுக்கு 8 மணி நேரம், வருடத்துக்கு 300 நாள் என்றால் 2,40,000 கிலோ. அதில் பாதியை மட்டும் எடுத்து, கிலோ 100 ரூபாய்க்கு விற்றால் 1.20 கோடி. பாதியை எடுத்ததற்குக் காரணம் வேண்டும். ஜனவரிக்கு முன் தேதியிட்ட கடைக்காரர்களின் ஆர்டர் கடிதங்கள் அதைச் சொல்லும். விற்பனை 48 லட்சத்தில் நின்றதற்கு இயந்திரம் எட்டு மாதம் தாமதமாக வந்ததுதான் காரணம் என்றால், டெலிவரி செலானை இணைத்து ஒரு பத்தியில் எழுதுங்கள்.

தேதியில் கவனம் தேவை. 2023 செப்டம்பர் திருத்தத்தின்படி, பங்கு வெளியிட்ட நாளுக்கு முன் 90 நாட்களுக்குள் எடுத்த அறிக்கை செல்லும்; வெளியீட்டு விலை அறிக்கை மதிப்பைவிட 10 சதவீதம் வரை கூடினாலும் ஏற்பார்கள். அறிக்கையே இல்லாமல் பங்கு கொடுத்துவிட்டு, நோட்டீஸ் வந்த பிறகு எடுப்பவர்கள் இன்றைய தேதியையே போட வேண்டும். உள்ளே இருக்கும் தகவல் மட்டும் அன்று கையில் இருந்ததாக இருக்கட்டும். அதன் பலம் குறைவு, வாதாட வேண்டியிருக்கும். முன்தேதி போட்டால் மின்னஞ்சலும் கட்டண ரசீதும் காட்டிக்கொடுத்துவிடும், பிறகு உண்மையான ஆவணத்தையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

இன்னொன்று. முகமில்லா மதிப்பீட்டில் உங்கள் கோப்பைப் படிப்பவர் எந்த மாநிலத்திலும் இருக்கலாம். பாகூர் விவசாயி தமிழில் எழுதிக் கொடுத்த நெல் ரசீதை ஸ்கேன் செய்து அப்படியே ஏற்றினால் அவருக்கு அது வெறும் கிறுக்கல். ஒவ்வொன்றுக்கும் ஆங்கில மொழிபெயர்ப்புத் தாள் வைத்து, பக்க எண் போட்டு, பதிலின் எந்தப் பத்திக்கு எந்தப் பக்கம் என்று முன்னால் ஒரு அட்டவணை கொடுங்கள். கடைசி வரியில் காணொலி விசாரணை வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள்.

(அடுத்த வாரம்: முதலீட்டாளரிடம் பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்கும் பிரிவு 68)